உடன் வேலை செய்பவர்

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டும்போது இடது கால் செருப்பு அறுந்துவிட்டது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. சண்டையும் இல்லை. எனக்கு ஓர் இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிப்பதில்லை, அவ்வளவுதான். கிள்ளானில் ஒரு கடைவாசலில் படுத்து எழுந்து, கோலாலம்பூர் போகும் சாலையில் விடிவதற்கு முன்பே இறங்கியிருந்தேன்.

எனக்கு முன்னால் ஒருவர் வேகமாக நடந்துகொண்டிருந்தார். அவர் கையில் மூட்டை இல்லை, தோளில் துண்டு மட்டும்தான். நான் பல ஊர்களைவிட்டு நடந்து போனவன். ஊரைவிட்டுப் போகிறவன் ஒரு சட்டியாவது எடுத்துக்கொள்வான். வெறுங்கையோடு நடக்கிறவனுக்குத் திரும்பி வருகிற எண்ணம் இருக்கும். அதனால்தான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, கோலாலம்பூருக்கா?"

"பிரிக்பீல்ட்ஸ்."

"வேலை தேடியா?"

"தொலைச்ச வேலையத் தேடி" என்றார்.

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

பெட்டாலிங் வரும்வரை அவர் பேசியதை முன்னும் பின்னுமாகச் சேர்த்துத்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டேன். கிள்ளானில் ஒரு ரப்பர் ஆலை. அங்கே புகைக்கூடத்தில் இரவு நெருப்புக் காவல் அவருக்கு. ரப்பர் ஷீட்டுகளை மூங்கிலில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, புகையிலேயே காயவைப்பார்கள். நெருப்பு கொழுந்துவிடக் கூடாது, அணையவும் கூடாது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அவர் மனைவிக்கு அது தலைப்பிள்ளை, நிறைமாதம். முந்தாநாள் இரவு வலி கண்டுவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சொல்ல, இவர் நெருப்பை விட்டுவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பத்துக்கு, அதாவது மலாய்க்காரர் கிராமத்துக்கு, ஓடியிருக்கிறார், மலாய்க்கார மருத்துவச்சியைக் கூட்டி வர. அவள் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, இது பொய்வலி, இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் திரும்பி வந்தபோது நெருப்பு எழும்பி, ஒரு வரிசை ஷீட்டு கருகித் தொங்கிக்கொண்டிருந்தது.

"காலையில மண்டோர் வந்தாரு. வில்லையக் குடுன்னாரு. குடுத்தேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணுன்னாரு."

அந்த நாளை என்பது நாங்கள் நடந்துகொண்டிருந்த அன்றைக்குத்தான்.

மண்டோர் என்றால் ஆலையில் ஆட்களை மேய்ப்பவர். வில்லை என்பது எண் அடித்த பித்தளைத் துண்டு. வேலையில் சேரும்போது கொடுப்பார்கள். இடுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டால், காலையில் பெயர் கூப்பிடும்போது காட்டுவதற்கு, சம்பளம் வாங்கும்போது காட்டுவதற்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். வேலையை விட்டுப் போகும்போதுதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிள்ளான் பக்கம் ஒருவனுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்க வேண்டுமானால், 'வில்லை இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். ஆகவே மண்டோர் வில்லையைக் கேட்டதும் இவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இவர் வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏன் ஓடினேன்னு சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஏண்ணே?"

"அவரு கேக்கல. கேட்டாலும் எனக்கு வராது, தம்பி. பெரிய ஆளுங்க முன்னால நின்னா நாக்கு மேல ஒட்டிக்கும்."

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அந்த ஆலையின் தலைமை அலுவலகம் இருந்தது. அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி நல்ல மனுஷர், அவர் காலில் விழுந்தால் பிள்ளை பிறக்கும்வரையாவது வீட்டில் இருக்க விடுவார் என்று யாரோ சொன்னார்களாம். அதை நம்பி நடந்துகொண்டிருந்தார். எனக்கு அன்றைக்குப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. கூட நடந்தேன்.

பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தபோது பகல் உணவு நேரம் கடந்திருந்தது. அலுவலகம் ஒரு கடைவீட்டின் மாடியில். கிராணி அங்கே இல்லை, பின் சந்தில் இருக்கும் தமிழ் அச்சுக்கூடத்தில் இருக்கிறார் என்று அலுவலகக் காவலாளி சொன்னார்.

அச்சுக்கூடம் ஒரு நீளமான அறை. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. அச்சுக்கோக்கிறவர் ஒருவர் நின்றபடியே ஈய எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெளிச்சம் விழும் ஜன்னலோரம் மேசை போட்டு கிராணி உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் முன்னால் மூன்று தாள்கள் கிடந்தன: ஆலையின் வெள்ளைக்காரத் துரை கையெழுத்திட்ட ஆங்கிலப் பிரதி, இவர் தமிழாக்கி எழுதிய கையெழுத்துப் பிரதி, பிழை பார்ப்பதற்காக அச்சடித்த, ஈரம் காயாத புரூப். ஒரு விரலை இதிலும் மறு விரலை அதிலும் வைத்துக்கொண்டு, தலையை ஊஞ்சல் மாதிரி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னுடன் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சொன்னது போலவே நாக்கு ஒட்டிக்கொண்டது. நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, இவரு கிள்ளான் ஆலையில..."

"இரு, இரு. இந்தப் பக்கம் முடியட்டும்" என்றார் கிராணி, தலை நிமிராமல். பிறகு நிமிர்ந்து, "உனக்கு வாசிக்கத் தெரியுமோ?" என்றார்.

"தெரியும்."

"எவ்வளவு?"

"மூணாவது வரை. பிறகு கள்ளுக்கடையில ஆளுங்களுக்குப் பத்திரிகை வாசிச்சுக் காட்டுவேன்."

அச்சுக்கோக்கிறவர் திரும்பாமலே சொன்னார்: "அப்ப இவரு பி.ஏ.தான் ஐயா. கள்ளுக்கடையில தப்பா வாசிச்சா அடி விழும்."

கிராணி சிரித்தார். அச்சுக்கூடத்தில் வழக்கமாக வாசிக்கிறவர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் புரூப்பில் கண்ணை வைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் கண் தனக்குத் தெரிந்ததையே வாசித்துக்கொண்டு போய்விடும், தாளில் இருப்பதை அல்ல. இது அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது. எனக்கு ஒரு முக்காலி கிடைத்தது. என்னுடன் வந்தவரைக் காகிதக் கட்டின்மேல் உட்காரச் சொன்னார்.

"வேலையாட்களின் நடத்தை விதிகள்" என்று தொடங்கினேன்.

வேலைக்கு வரும் நேரம், குடித்துவிட்டு வரக்கூடாது, இயந்திரத்தின் அருகே தளர்ந்த வேட்டி கூடாது என்று போயிற்று. நான் நிறுத்தற்குறிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். காற்புள்ளி என்று சொல்லும்போதெல்லாம் காகிதக் கட்டின்மேல் இருந்தவர் என்னை வினோதமாகப் பார்த்தார். எட்டாம் விதியிலிருந்து தண்டனைப் படிகள் வந்தன. குரலை மாற்றாமல்தான் வாசித்தேன். ஆனால் என் காதே என் வாயைக் கவனிக்க ஆரம்பித்தது.

பதினோராம் விதி: தவறு செய்ததாகச் சொல்லப்படுபவர் விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்படுவார், அவருடைய வில்லை மண்டோரிடம் இருக்கும்.

பன்னிரண்டாம் விதி: இங்ஙனம் தற்காலிகமாக விலக்கப்பட்டவர், உரிய காலத்தில் நடைபெறும் விசாரணைக்குத் தம் நண்பர் ஒருவருடன் வரலாம்.

பதின்மூன்றாம் விதி: அவருக்காக உடன் வேலை செய்பவர் பேசலாம்.

இப்படிப் போய்ப் பதினேழாம் விதிக்கு வந்தேன்: விலக்கப்பட்டவர் வில்லையை ஒப்படைத்து, மறுநாள் மாலைக்குள் ஆலை வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

காகிதக் கட்டு முனகியது. அவர் எழுந்து நின்றிருந்தார்.

"ஐயா" என்றார். அதுதான் கிராணியிடம் அவர் பேசிய முதல் சொல். "இதுல நான் எந்த ஆளு?"

கிராணி புரூப்பிலிருந்து விரலை எடுக்காமல் அவரைப் பார்த்தார். அப்போதுதான் யார், என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். மண்டோரிடம் இவர் சொல்லாமல் விட்ட மருத்துவச்சி விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஆர் சொன்னது உன்னை வேலையால நீக்கினதெண்டு?" என்றார் கிராணி. "உன்னை நிறுத்தித்தான் வைச்சிருக்கு. நாளைக்குக் காலமை விசாரணை. துரையும் நானும் வாறம். மண்டோர் சொல்லேல்லையோ?"

"வில்லைய வாங்கிட்டாரு ஐயா. வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

கிராணி ஆங்கிலப் பிரதியை இழுத்து வைத்துக்கொண்டு படித்தார். பிறகு தம் தமிழைப் படித்தார். மறுபடியும் ஆங்கிலம். அவர் கழுத்தில் ஒரு சிவப்பு ஏறியது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மண்டோரில பிழையில்லை" என்றார் மெதுவாக. "மாசத் துவக்கத்தில நான் எழுதி அனுப்பின பிரதியைத்தான் வைச்சுச் செய்திருக்கிறான். இங்கிலீசில ரெண்டுதான் இருக்கு. விசாரணை வரைக்கும் நிறுத்தி வைக்கிறது ஒண்டு. விசாரிச்சு முடிச்சு அனுப்புறது மற்றது. வீட்டை விடவேண்டியது ரெண்டாவது ஆள் மட்டும். நான் தமிழில ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி எழுதினா வாசிக்க வடிவா இராதெண்டு, மாத்தி மாத்திப் போட்டிருக்கிறன். ஒருக்கா நிறுத்தி வைத்தல், ஒருக்கா விலக்கல்."

"வடிவாத்தான் இருக்கு ஐயா" என்றார் காகிதக் கட்டின் அருகில் நின்றவர். கேலி இல்லை. அவருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றியிருக்கிறது.

கிராணி அவரைப் பார்த்து, "இரும் அண்ணை, அதிலேயே இரும்" என்றார். நீ என்றவர் நீர் என்றதை நான் கவனித்தேன். பேனாவில் சிவப்பு மை தொட்டுக்கொண்டார். "முதலிலயிருந்து வாசியும், தம்பி."

முதலிலிருந்து வாசித்தேன். ஒரு துண்டுத் தாளில் அவர் எழுதி வைத்துக்கொண்டார்: ஒரு காரியத்துக்கு ஒரு பெயர். வாய் எச்சரிக்கை, எழுத்து எச்சரிக்கை, நிறுத்தி வைத்தல், விசாரணை, வேலைநீக்கம். அதற்குப் பிறகு விதிகளில் வேறு பெயர் எங்கே வந்தாலும் அடித்துவிட்டு இதையே ஓரத்தில் எழுதினார். 'எச்சரிக்கப்படுவார்' என்று மொட்டையாக இருந்த இடத்தில் வாயாலா எழுத்தாலா என்று ஆங்கிலத்தில் பார்த்துச் சேர்த்தார். 'உரிய காலத்தில்' என்பதை அடித்துவிட்டு, ஆங்கிலத்தில் இருந்தபடி மூன்று நாளுக்குள் என்று போட்டார். வில்லை விஷயத்துக்கு மட்டும் என்னுடன் வந்தவரிடமே கேட்டார்.

"அண்ணை, வில்லை மண்டோரிட்ட இருக்கும் எண்டு போட்டா உங்கட ஆக்கள் என்னெண்டு விளங்குவினம்?"

"வேலை போச்சுன்னு, ஐயா."

"அப்ப என்ன போட்டா விளங்கும்?"

அவர் யோசித்தார். "வில்லை பத்திரமா இருக்கும், வீட்டுல இருக்கலாம்னு போட்டா போதும், ஐயா."

பதினோராம் விதியின் முடிவில் கிராணி எழுதினார்: விசாரணை முடியும்வரை அவர் ஆலை வீட்டிலேயே இருப்பார், நிறுத்தி வைத்தல் தண்டனை அல்ல, வில்லை அவருக்காகப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். எழுதி முடித்து ஆங்கிலத்தோடு ஒத்துப் பார்த்தார். அங்கே விதி வேறு வரிசையில் சொல்லப்பட்டிருந்தாலும் சொன்னது அதையேதான். துரை கையெழுத்திட்டது ஆங்கிலம், அதற்கு மாறாகத் தமிழ் இருந்தால் திருத்துவதற்கு இவருக்கு அதிகாரம் உண்டு, யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று எனக்குச் சொன்னார். தமக்கே சொல்லிக்கொண்டது போலத்தான் இருந்தது.

பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் வந்தபோது நான் நிறுத்தினேன். எனக்கும் அந்த வேலையின் ருசி பிடித்துவிட்டிருந்தது.

"ஐயா, இங்க நண்பர்னு இருக்கு. அடுத்ததுல உடன் வேலை செய்பவர்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆளா?"

அவர் ஆங்கிலத்தைப் பார்த்தார். "ஒரே ஆள்தான். உடன் வேலை செய்பவர். நல்லாப் பிடிச்சீர்." நண்பர் என்பதை அடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அச்சுக்கோக்கிறவர் சிவப்பு மை நிறைந்த தாளை வாங்கிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். ஓர் இடத்தில் நாலு எழுத்துக் கூடினால் வரி நிறைந்து அடுத்த வரிக்குத் தள்ளும், அந்த வரி அதற்கடுத்ததைத் தள்ளும், பத்தி முடியும்வரை பிரித்துக் கோக்க வேண்டும்.

"கல்யாணப் பத்திரிகைக்காரங்க கடைசி நேரத்துல முகூர்த்தத்தத்தான் மாத்துவாங்க. நீங்க மாப்பிள்ளையவே மாத்திட்டீங்க, ஐயா."

"மாப்பிள்ளை அதே ஆள்தான். மூண்டு பேரில கூப்பிட்டிட்டம்" என்றார் கிராணி.

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கிராணி ஒரு துண்டில் பதினோராம் விதியையும் அடுத்த இரண்டையும் திருத்தியபடி எழுதி, நாளைக் காலை விசாரணை, அதுவரை இவரிடம் வீட்டைக் கேட்கக் கூடாது என்று மண்டோருக்குக் குறித்து, கையெழுத்திட்டார். என்னிடம் கொடுத்தார்.

"நீரும் போம். இவருக்கு வாசிக்கத் தெரியாது. மண்டோருக்கு நீர் வாசிச்சுக் காட்டும்." ரயிலுக்குக் காசும் கொடுத்தார். பிறகு, "நாளைக்குப் பின்னேரம் திருத்தின புரூப் வரும். நீர் வந்து வாசியும். இந்த அச்சுக்கூடத்தில உமக்கு நிரந்தரமா வேலை பேசித் தாறன். உட்கார்ந்து செய்யிற வேலை" என்றார்.

உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. வருகிறேன் என்றேன்.

கிள்ளானில் இறங்கி ஆலை வீடுகளுக்குப் போனபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டிய நீளமான லயத்தில் ஒரு கதவுக்கு முன்னால் பாய், தலையணை, தகரப்பெட்டி, இரண்டு சட்டி, சாமி படம் எல்லாம் வெளியே அடுக்கியிருந்தன. பெட்டியின்மேல் ஒரு பெண் வயிற்றைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மண்டோர் பூட்டும் சாவியுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெரிய மீசை, களைத்த முகம்.

"பாருய்யா உன் பொண்டாட்டிய" என்றார் மண்டோர், எங்களைக் கண்டதும். "எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டா. அடுப்ப மட்டும் அணைக்க மாட்டேங்குறா. நானும் எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"சோறு வெந்தாத்தான் அணைப்பேன்" என்றாள் அவள். கணவனைப் பார்த்து, "ரெண்டு தடவ தண்ணி ஊத்திட்டேன். கஞ்சியாப் போச்சு. நீ வந்துட்டே" என்றாள்.

துண்டை வாசித்துக் காட்டினேன். மண்டோர் அதை வாங்கி, கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கிராணி எழுத்துதான்" என்றார். "முன்னாடி அனுப்பினதும் இவரு எழுத்துதான். அதுல போன்னு இருந்துச்சு, இதுல இருன்னு இருக்கு." பூட்டை மடியில் கட்டிக்கொண்டார். பிறகு குனிந்து தகரப்பெட்டியின் ஒரு காதைப் பிடித்தார். "என்ன பாக்குற? அந்தப் பக்கம் தூக்கு. அவளத் தூக்கச் சொல்றியா?"

சாமான்கள் உள்ளே போயின. அவள் சாமி படத்தை மட்டும் தானே எடுத்துக்கொண்டு போய் ஆணியில் மாட்டினாள்.

போகும்போது மண்டோர் திரும்பினார். "நாளைக்கு உன்கூட யாரு வர்றது? துரை கேப்பாரு."

என்னுடன் வந்தவர் லயத்தின் மற்ற கதவுகளைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் திறந்திருந்த கதவுகளில் ஆட்கள் இருந்தார்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் உள்ளே ஏதோ வேலை வந்துவிட்டது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கருகிய ஷீட்டு யார் தலையில் விடியும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. துரைக்கு முன்னால் போய் நின்று முகத்தைக் காட்டிக்கொள்ள எவருக்குத் துணிவு வரும்?

"இந்தத் தம்பி வருவாரு" என்றார் அவர்.

"வர்றேன்" என்றேன்.

மண்டோர் துண்டை மறுபடியும் பிரித்தார். "உடன் வேலை செய்பவர்னுல்ல போட்டிருக்கு? இவரு யாரு இங்க?"

நான்தான் சொன்னேன். "முதல்ல நண்பர்னுதான் இருந்துச்சு. நான்தான் கிராணி ஐயாகிட்டச் சொல்லி மாத்த வச்சேன்."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "நல்லா மாத்துனீங்க, தம்பி. வாங்க, கஞ்சி குடிங்க."

குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. என்னுடன் வந்தவர் தட்டைக் கழுவிக்கொண்டே, "பரவாயில்ல. நானே எதாச்சும் சொல்லிக்கிறேன்" என்றார். அவர் எதையும் சொல்லமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். துரை ஏன் போனாய் என்று கேட்பார், இவர் தரையைப் பார்ப்பார், அடுத்த சாயங்காலம் அதே பெட்டி அதே வாசலுக்கு வரும். அப்போது மண்டோர் விதிப்படியே பூட்டுவார். அவள் எத்தனை தடவை தண்ணீர் ஊற்றினாலும் பூட்டுவார்.

மறுநாள் விடிகாலையில் ஆலை வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புகைக்கூடத்தில் கருகி ஒட்டிய ரப்பரைச் சுரண்டி எடுக்க ஆள் வேண்டும், யாருக்கும் பிடிக்காத வேலை. நான் போய் வரிசையில் நின்றேன். மண்டோர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என்னிடம் நின்றார்.

"உனக்குக் கோலாலம்பூர்ல உக்காந்து செய்ற வேலைன்னு உன்கூட வந்தவரு சொன்னாரே?"

"ஆமா."

"இது கரி சுரண்டுற வேலை."

"தெரியும். வில்லையக் குடுங்க."

அவர் மடியிலிருந்து நேற்றைய துண்டை எடுத்தார். உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார். உடன் வேலை செய்பவர் எத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. துண்டை மடித்து வைத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே, ஒரு பித்தளை வில்லையை எண்ணெய்த் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"போ. கிராணி வந்துட்டாரு."

அலுவலக அறையில் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். கிராணி பக்கத்தில் நின்றார், இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க. என்னைக் கண்டதும் அவர் கண் விரிந்தது. என் இடுப்பைப் பார்த்தார். அங்கே வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. துரை ஏதோ கேட்டார். கிராணி ஒரு கணம் தாமதித்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: "உடன் வேலை செய்பவர் வந்திருக்கிறார்."

ஏன் போனாய் என்று துரை கேட்டார். என் பக்கத்தில் நின்றவர் தரையைப் பார்த்தார். நான் சொன்னேன். வலி வந்தது, ஆற்றைத் தாண்டி ஓடியது, காவலுக்கு மாற்று ஆள் அந்த நேரத்தில் யாரும் இல்லாதது, பொய்வலி என்று மருத்துவச்சி சொன்னது, எல்லாவற்றையும். அலங்காரம் இல்லாமல், கள்ளுக்கடையில் பத்திரிகை வாசிக்கிற மாதிரிதான் சொன்னேன். துரை மண்டோரைப் பார்த்து ஏதோ கேட்டார். இரவுக் காவலுக்கு மாற்று ஆள் போடுவது வழக்கமில்லை என்று மண்டோர் ஒப்புக்கொண்டார். இதற்கு முன்னால் இவர்மேல் ஏதாவது உண்டா என்றார் துரை. இல்லை என்றார் மண்டோர்.

கிராணி முடிவைத் தமிழில் சொன்னார். எழுத்து எச்சரிக்கை. வேறு ஒன்றுமில்லை. மண்டோர் சுவரில் தனியாக அடித்திருந்த ஆணியிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றி நீட்டினார். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கயிற்றில் கோக்கப் பார்த்தார், துளை அகப்படவில்லை. நான்தான் கோத்துக் கட்டிவிட்டேன்.

வெளியே வந்தபோது கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இண்டைக்குப் பின்னேரம் புரூப்பை ஆர் வாசிக்கிறது?"

"மன்னிக்கணும் ஐயா. வில்லைய வாங்கிட்டேன். இன்னைக்கே திருப்பிக் குடுத்தா நல்லா இருக்காது."

அவர் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். "எத்தனை நாள் வேலை செய்திருக்கவேணும் எண்டு அதில சேர்த்து எழுதோணும்" என்றார். பிறகு, "அவசரமில்லை, அடுத்த பதிப்பில பாப்பம்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

நான் புகைக்கூடத்துக்குள் போனேன். நெருப்பை அணைத்திருந்தார்கள். இருந்தாலும் சுவர் சுட்டது. ஒரு தகரத்தை வளைத்துச் சுரண்டியாகத் தந்திருந்தார்கள். மூங்கில் முழுக்கவும் கருகின ரப்பர் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் சுரண்டுவதற்குள் முகமெல்லாம் கரி. இரவுக் காவலுக்குப் பகலில் தூங்க வேண்டியவர் தூங்கப் போகாமல் இன்னொரு தகரத்தை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே மூங்கிலை இரண்டு முனையிலிருந்து சுரண்டிக்கொண்டு வந்தோம். நடுவில் சந்தித்தபோது அவர் என் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, அந்தக் கீழ்ப்பக்கம் இன்னும் இருக்கு" என்றார். மூங்கிலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.